அப்பாவுக்கு ஒட்சிசன் மெசின்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

*"அக்கா, என் அப்பாவுக்கு 67 வயது. தேயிலை ஸ்டோரில் 31 வருடம் வேலை செய்தவர், சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கிறது. போன மாதம் நிமோனியா வந்து கண்டியில் 16 நாள் வைத்திருந்தோம். வீட்டிலும் ஒட்சிசன் வேண்டும், நிமிடத்துக்கு 2 லீற்றர், இரவும் சேர்த்து நாளுக்கு 15 மணித்தியாலத்துக்குக் குறையாமல் என்று எழுதித் தந்து, எட்டுக் கிழமையில் கிளினிக் வரச் சொன்னார்கள். மெசின் வாடகை மாதம் 24,000 ரூபா, முற்பணம் 50,000. புதிதாக வாங்கினால் 290,000. வாடகை ஆற்றில் கரைத்த புளி, வாங்கு என்கிறார் கட்டாரில் இருக்கும் அண்ணா. அப்பாவின் சேமலாப நிதியில் மிஞ்சிய பணத்தைத்தான் தொட வேண்டும். அவரால் தூரம் நடக்க முடியவில்லை. வீல்செயாரும் 38,000க்கு வாங்குவதா, மாதம் 5,000க்கு எடுப்பதா? நானுஓயாவுக்கு மேலே லயத்தில் இருக்கிறோம். கக்கூஸ் வெளியே, ஏழு படி கீழே."*

தங்கச்சி,

மெசினை வாடகைக்கு எடுங்கள். மூன்று மாதத்துக்கு என்று பேசி எடுங்கள். வீல்செயாரை இப்போதைக்கு வாங்கவும் வேண்டாம், வாடகைக்கு எடுக்கவும் வேண்டாம். கட்டாரில் இருக்கிறவருக்குக் காரணம் சொல்லியாக வேண்டுமே, அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

கடைக்காரர் சொன்ன விலைகளைக் கொஞ்சம் ஒரு பக்கம் வையுங்கள். டொக்டர் எழுதிய அந்த எட்டுக் கிழமையை முதலில் பார்ப்போம். நிமோனியா வந்த நுரையீரல், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் அன்றே ஆறிவிடுவதில்லை. காய்ச்சல் போய்விடும், சளியும் குறையும், ஆனால் உள்ளே வீக்கம் வற்றக் கிழமைக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே சி.ஓ.பி.டி. இருக்கிறவருக்கு இன்னும் தாமதம். அதுவரை இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்தே நிற்கும். அப்பாவுக்கு இப்போது எழுதியிருப்பது இந்த இடைக்காலத்துக்கான ஒட்சிசன்தான். ஆயுளுக்கும் வேண்டுமா என்பதை யாரும் இன்னும் முடிவு செய்யவில்லை, இப்போது முடிவு செய்யவும் முடியாது.

எட்டுக் கிழமையில் உடம்பு ஒரு நிலைக்கு வந்த பிறகு, மணிக்கட்டு நாடியில் ஊசி குத்தி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். விரலில் கருவி மாட்டிப் பார்ப்பதை விட இது துல்லியம், கொஞ்சம் வலிக்கும், அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அதில் ஒட்சிசன் அழுத்தம் 55 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் கீழே வந்தால் நீண்டகால ஒட்சிசன் தேவை என்று எழுதுவார்கள். 55க்கும் 60க்கும் இடையில் நின்றால், கால் வீக்கம், இதயத்தின் வலப்பக்கம் களைத்த அறிகுறி, இரத்தம் தடித்திருப்பது மாதிரி ஏதாவது கூடவே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 60க்கு மேலே ஏறியிருந்தால், பெரும்பாலும் மெசினைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பார்கள். மார்பு நோய்க் கிளினிக்கில் நான் தாதியாக இருந்த வருடங்களில், ஒட்சிசனோடு வீட்டுக்குப் போனவர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்து மெசின் இல்லாமல் நடந்து வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். வராதவர்களையும் பார்த்திருக்கிறேன். துண்டு வெட்டும் அன்று இவர் எந்தப் பக்கம் என்று எங்களாலும் சொல்ல முடிந்ததில்லை.

இதில் மலைநாட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. கண்டி நகரம் சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் இருப்பது 5,000 அடிக்கு மேலே, அதாவது 1,500 மீற்றரைத் தாண்டி. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றில் ஒட்சிசனின் விகிதம் எங்கேயும் 21 வீதம்தான், ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைந்துவிடுகிறது. நல்ல நுரையீரல் இதைக் கண்டுகொள்ளாது. அப்பாவின் நுரையீரல் கண்டுகொள்ளும். கண்டி கட்டிலில் விரல் கருவியில் 91 வீதம் காட்டியவர், வீட்டுக்கு வந்து மறுநாள் 87 காட்டுவது இதனால்தான். மெசின் கெட்டுவிட்டது என்றோ, நோய் திரும்பிவிட்டது என்றோ உடனே பயப்பட வேண்டாம்.

ஆனால் கிளினிக்கில் கண்டி அளவை மட்டும் வைத்து "இனி வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், மலைக்கு ஏறி வந்ததும் திண்டாட்டமாகிவிடும். அதனால் வீட்டு அளவுகளை எழுதிக்கொண்டு போக வேண்டும். ஒரு சி.ஆர். கொப்பி போதும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, அப்பா ஒட்சிசன் இல்லாமல் இருக்கும் நேரத்தில், பத்து நிமிடம் சும்மா உட்கார வைத்துவிட்டு விரலில் மாட்டிப் பாருங்கள். உங்கள் குளிருக்கு விரல் சில்லிட்டிருந்தால் அந்த விரல் கருவி பொய் சொல்லும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் ஆடாமல் நின்ற பிறகு எழுதுங்கள். ஒட்சிசனோடு இருக்கும்போது எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு வழமையாக 88 முதல் 92 வரை போதும் என்றுதான் எழுதுவார்கள், உங்கள் துண்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 98 காட்ட வேண்டும் என்று குமிழைத் திருகி ஒட்சிசனைக் கூட்டாதீர்கள். இந்த நோய்க்காரர் சிலருக்குத் தேவைக்கு மேல் ஒட்சிசன் போனால் உடம்பில் கரியமில வாயு தேங்கிவிடும். காலையில் தலையிடி, பகலில் தூங்கித் தூங்கி விழுவது, பேச்சுக் குழறுவது எல்லாம் அதன் அடையாளம். அப்படித் தெரிந்தாலோ, எழுதித் தந்த 2 லீற்றரிலும் 85க்குக் கீழே நின்றாலோ, கொப்பியை மூடிவிட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

சரி, இப்போது அண்ணாவின் கணக்குக்கு வருவோம். அவர் சொல்வது முழுப் பிழை இல்லை. 290,000ஐ 24,000ஆல் வகுத்தால் 12 மாதம் வரும். ஒரு வருடத்துக்கு மேல் நிச்சயம் தேவை என்றால் வாங்குவதுதான் லாபம். வாங்கிய மெசினைப் பிறகு விற்கவும் முடியும். நல்ல நிலையில் இருந்து 120,000க்குப் போனது என்று வையுங்கள், அப்போது உங்களுக்கு உண்மையில் போன காசு 170,000. அது ஏழு மாத வாடகை. ஆக, ஏழு மாதத்துக்குள் தேவை முடிந்தால் வாடகை, பன்னிரண்டு மாதம் தாண்டினால் சொந்தம், நடுவில் இருப்பது விற்கிற சாமர்த்தியத்தைப் பொறுத்தது. உங்கள் ஊர் விலைக்கு இதுதான் கணக்கு. வேறு கடை வேறு விலை சொன்னால் இதே மாதிரி வகுத்துப் பாருங்கள்.

அப்பாவுக்கு எத்தனை மாதம் என்பதுதான் இன்னும் தெரியாது. அதனால் இரண்டு வழியிலும் தோற்றால் எவ்வளவு போகும் என்று பாருங்கள். இன்றைக்கே வாங்கி, மூன்றாவது மாதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், விற்ற பிறகும் 170,000 போய்விடும், அதுவும் வாங்க ஆள் கிடைத்தால். வாடகைக்கு எடுத்து, மூன்றாவது மாதம் "ஆயுளுக்கும் வேண்டும்" என்று சொன்னால், அப்போது வாங்குவீர்கள். கூடுதலாகப் போனது 72,000. சேமலாப நிதிக் காசு ஒருமுறை கரைந்தால் திரும்ப வராது. 72,000 கூடுதலாகப் போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டு, 170,000 போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் சொல்கிறேன். வாடகைக்கு எடுக்கும்போதே, "பிறகு உங்களிடமே வாங்கினால் கொடுத்த வாடகையில் எவ்வளவு கழிப்பீர்கள்?" என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சில இடங்களில் சம்மதிக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வாங்கி வைத்தால் பிறகு யாருக்காவது உதவும் என்று அண்ணா நினைக்கலாம். வீல்செயார் என்றால் சரி. இந்த ஒட்சிசன் மெசின், அதாவது கொன்சன்ட்ரேட்டர், அப்படிப்பட்ட பொருள் இல்லை. அதற்குள்ளே சியோலைட் என்ற சிறு மணிகள் நிரம்பிய இரண்டு குழாய்கள் இருக்கின்றன. காற்றில் இருக்கும் நைதரசனை அந்த மணிகள்தான் பிடித்து வைக்கின்றன, மிஞ்சுவது ஒட்சிசன். அவற்றுக்கு ஈரம் ஆகாது. மெசினை மாதக்கணக்கில் ஓட்டாமல் மூலையில் மூடி வைத்தால், நானுஓயா மூடுபனியில் மணிகள் ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும். வெளியே பார்த்தால் புத்தம் புது மெசின், உள்ளே பாதிச் சத்து இல்லை. 2021 கொவிட் நேரத்தில் அவசரத்துக்கு வாங்கி, பிறகு அலுமாரிக்குப் பக்கத்தில் தூங்கிய மெசின்களை இப்போதும் யாராவது "ஒரு மாதம்தான் பாவித்தது" என்று சொல்லி விற்க வருவார்கள். குறைவாக ஓடியது என்பது இந்தப் பொருளுக்கு நல்ல அடையாளம் அல்ல.

அதனால் வாடகையோ விலையோ, எடுக்கும் அன்று ஒரு சோதனை செய்யாமல் மெசினை வானில் ஏற்றாதீர்கள். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வாடகை மெசின். ஐயாவுக்கு விரலில் 83. வீட்டார் பயந்து 2 லீற்றரை 5 ஆக்கியிருந்தார்கள், அப்படியும் 83. "மெசின் நன்றாக ஓடுகிறது மிஸ், பாருங்கள்" என்று மகன் மூக்குக் குழாயின் நுனியை ஒரு கிளாஸ் தண்ணீரில் வைத்துக் காட்டினார். குமிழி குமிழியாகத்தான் வந்தது. ஆனால் குமிழி சொல்வது காற்று வருகிறது என்பதை மட்டும்தான். வருவது ஒட்சிசனா, நாங்கள் மூச்சு விடும் வெறும் காற்றா என்று தண்ணீருக்குத் தெரியாது. வருவதில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று அளக்கும் அனலைசர் என் பையில் இருந்தது, மாட்டிப் பார்த்தேன், 68 வீதம். நல்ல மெசினில் 90க்கு மேலே இருக்க வேண்டியது. முன்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்துப் பார்த்தால் உள்ளே ஒட்சிசன் குறைவு என்று எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொடுத்த இடத்தில் ஒட்டினார்களா, அதற்கு முந்திய வீட்டில் ஒட்டினார்களா, இன்றைக்கும் தெரியாது. மாற்று மெசின் வர இரண்டு நாள் ஆனது, அதுவரை சிலிண்டரில் ஓட்டினோம்.

ஆகவே கடையிலேயே மெசினைப் போட்டு, ஒரு பிளேன் டீ குடிக்கும் நேரம், ஒரு பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு அவர்களின் அனலைசரை மாட்டி 2 லீற்றரிலும் 5 லீற்றரிலும் எத்தனை வீதம் என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் 90க்குக் குறைந்தால் வேறு மெசின் கேளுங்கள். 2இல் சரியாக இருந்து 5இல் விழுந்தாலும் அது களைத்துப்போன மெசின்தான். "அனலைசர் இல்லை" என்கிறவரிடம் எடுக்காதீர்கள். அப்புறம் மணித்தியாலம் காட்டும் சிறு மீற்றரைப் பாருங்கள். நாளுக்கு 15 மணித்தியாலம் என்றால் வருடத்துக்கு 5,475 வரும். மீற்றர் 18,000 காட்டினால், அது இந்தக் கணக்கில் மூன்று வருடத்துக்கு மேல் உழைத்தது என்று அர்த்தம். உள்ளே மணிகளை மாற்றினார்களா என்று கேளுங்கள். கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். கீச்சென்று கத்த வேண்டும். கத்தாவிட்டால், இரவில் கரண்ட் போவது உங்களுக்குத் தெரியாமலே போகும்.

எடுத்த பிறகு யார் பார்ப்பது என்பதுதான் வாடகைக்கும் சொந்தத்துக்கும் இடையில் காசை விடப் பெரிய வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது. வாங்கிய மெசினுக்கு வாறன்டி இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் "கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறோம்" என்ற வாறன்டி. 5 லீற்றர் மெசின் 14 கிலோவில் இருந்து 25 கிலோ வரை இருக்கும். லயத்தில் இருந்து ரோட்டுக்குத் தூக்கி, அங்கிருந்து கண்டிக்கு வான் பிடித்து, அது திரும்பி வரும்வரை அப்பா என்ன செய்வார்? வாடகையில் நல்ல இடம் என்றால் மாற்று மெசின் தருவார்கள். எத்தனை மணித்தியாலத்துக்குள், தோட்டம் வரைக்குமா அல்லது நானுஓயா சந்தி வரைக்குமா, வான் காசு யாருடையது என்று எழுதி வாங்குங்கள். மாதம் இரண்டாயிரம் குறைத்துக் கேட்பதை விட இந்த மூன்று வரிகளுக்குப் பெறுமதி அதிகம்.

மாற்று மெசின் வரும்வரைக்கும், கரண்ட் இல்லாத நேரத்துக்கும் ஒரு சிலிண்டர் வேண்டும். இதை எப்போதும் வாடகைக்கே எடுங்கள், எப்படியும் நிரப்பக் கொண்டுபோக வேண்டியதுதானே. 1,500 லீற்றர் பிடிக்கும் சிலிண்டர் என்றால் நிமிடத்துக்கு 2 லீற்றரில் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணித்தியாலம். கடைசிச் சொட்டு வரை நம்பாமல் பத்து மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்தால் உங்கள் பக்கத்தில் கரண்ட் எப்போது வரும் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை.

கரண்ட் பில்லையும் இப்போதே கணக்கில் எடுங்கள், யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். இந்த மெசின்கள் பொதுவாக 300, 350 வொட் இழுக்கும். 350 வொட்டில் 16 மணித்தியாலம் என்றால் நாளுக்கு 5.6 யூனிட், மாதத்துக்கு 168 யூனிட். உங்கள் வீட்டில் இதுவரை 50 யூனிட் போயிருந்தால் இனி 200ஐத் தாண்டும். எங்கள் கட்டண முறையில் யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும், அதனால் நாலு மடங்கு கரண்டுக்கு நாலு மடங்கு பில் என்று நினைக்காதீர்கள், அதை விடக் கூடவே வரும். அண்ணா அனுப்பும் பணத்தில் இதற்கும் ஒரு பங்கு மாதாமாதம் ஒதுக்கச் சொல்லுங்கள். மெசினின் பின்பக்கத் தகட்டில் வொட் எழுதியிருக்கும். 400 வொட் மெசினுக்கும் 290 வொட் மெசினுக்கும் மாதத்தில் ஏறக்குறைய 53 யூனிட் வித்தியாசம். மூன்று மாதத்தில் பெரிதாகத் தெரியாது. ஆயுளுக்கும் வாங்கும் நாள் வந்தால், ஐயாயிரம் பத்தாயிரம் கூடக் கொடுத்தாவது குறைந்த வொட் மெசினை எடுங்கள்.

லயத்து வயரிங் பற்றியும் ஒரு வார்த்தை. மெசினைச் சுவர் சொக்கட்டில் நேரே குத்துங்கள், ரேடியோவும் கேத்தலும் குத்தியிருக்கும் எக்ஸ்டென்ஷனில் வேண்டாம். மாலையில் எல்லாக் காம்பராவிலும் லைட் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் மெசின் முக்கி முக்கி நின்றுவிடும். அப்படி நடந்தால் தோட்டத்தில் கரண்ட் வேலை தெரிந்த ஒருவரிடம் ஏழு மணி வாக்கில் வோல்ட் எவ்வளவு என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள், தேவையென்றால் ஸ்டெபிலைசர் போடலாம். மெசின் முன் காம்பராவில், சுவரில் இருந்து ஒரு அடி தள்ளி இருக்கட்டும். விறகடுப்பில் இருந்து குறைந்தது பத்து அடி தூரம். குளிருக்குக் கங்குச் சட்டி வைக்கும் வழக்கம் இருந்தால் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இனி அது வேண்டாம், சாமிப் படத்துக்குக் கர்ப்பூரம் காட்டுவதையும் அடுத்த காம்பராவில் வைத்துக்கொள்ளுங்கள். பீடி பற்றி நான் சொல்லப் போவதில்லை, டொக்டர் போதுமான அளவு ஏசியிருப்பார்.

எல்லா நோய்க்கும் இதே மூன்று மாதம் என்று மற்ற வாசகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். பல வருடமாக நோய் ஒரே நிலையில் இருந்து, இரண்டு தடவை அளந்தும் 55க்குக் கீழே வந்தவருக்கு வாடகை வீண்தான், வாங்கிவிடலாம். நுரையீரல் தழும்பாகிச் சுருங்கும் நோய் என்றால் தேவை ஆயுளுக்கும் இருக்கும், ஆனால் அளவு ஏறிக்கொண்டே போகும். இன்றைக்கு 2 லீற்றர், ஆறு மாதத்தில் 5, பிறகு 8 என்று போனால், இன்று வாங்கிய 5 லீற்றர் மெசின் பாதி வழியில் பயனற்றதாகிவிடும். அங்கே 5 லீற்றரை வாடகைக்கு ஓட்டிவிட்டு, தேவை எந்த வேகத்தில் ஏறுகிறது என்று பார்த்த பிறகு 10 லீற்றரைப் பற்றி யோசிக்கலாம்.

இனி வீல்செயார். அதை நான் வேண்டாம் என்றதற்கு 38,000 ரூபா காரணம் இல்லை. உங்கள் காம்பரா பழைய லயத்து 10க்கு 12 அடி என்றால், கட்டிலும் மெசினும் வைத்த பிறகு வீல்செயார் திரும்ப இடம் இருக்காது. ஒரு வீல்செயார் நின்ற இடத்தில் திரும்ப ஐந்து அடி வட்டம் வேண்டும். சாதாரண 18 அங்குல இருக்கை உள்ள வீல்செயாரின் வெளி அகலம் 25 அங்குலம் வரும், கதவு திறந்து நிற்கும்போது மிஞ்சும் இடைவெளியை ஒரு நாடாவால் அளந்து பாருங்கள். அப்படியே இஸ்தோப்புக்கு வந்தாலும் ஏழு படி. அப்பாவுக்கு எங்கே போகத்தான் கஷ்டம்? கக்கூசுக்கு. அங்கே வீல்செயார் போகாது.

அவருக்கு வேண்டியது ஒரு கொமோட் கதிரை. வீல்செயாரை விட விலை குறைவு, இரவுக்கும் மழைக்கும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டுவிடலாம். இந்தப் பொருளை வாடகைக்கு எடுக்காதீர்கள், சுத்தம் என்ற ஒன்று இருக்கிறது அல்லவா, புதிதாகவே வாங்குங்கள். பகலில் படி இறங்குவதற்கு ஒரு பக்கம் இரும்புக் குழாயால் கைபிடி போடுங்கள், படிகளுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கதிரை வையுங்கள், ஏறி வந்ததும் உட்கார்ந்து மூச்சு வாங்க. கிளினிக் நாளில் வைத்தியசாலை வாசலிலேயே வீல்செயார் இருக்கும், ரோட்டு வரைக்கும் இரண்டு பேர் கதிரையில் தூக்கிப் போகலாம்.

அப்பாவுக்குக் காலில் குறை இல்லை, மூச்சில்தான் குறை. மூச்சுக் குறைந்தவரை வீல்செயாரில் உட்கார வைத்தால் ஒரு மாதத்தில் தொடைச் சதை வற்றிவிடும். சதை வற்றினால் அதே ஐந்து எட்டுக்கு முன்பை விட அதிகமாக மூச்சு வாங்கும், பிறகு உண்மையாகவே வீல்செயார் தேவைப்படும். பத்து எட்டு நடக்கட்டும், நிற்கட்டும், மறுபடி பத்து எட்டு. இஸ்தோப்பின் நீளம் போதும்.

என் வீட்டிலும் இந்தப் பிழை நடந்தது. அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஒப்பரேஷன் செய்தபோது, தாதியாக இருந்த நானே பதறிப்போய்ப் புது வீல்செயார் வாங்கினேன். ஏழாவது கிழமை அம்மா வோக்கரைப் பிடித்து நடந்து குசினிக்குப் போய்விட்டார். வீல்செயார் இரண்டு வருடம் இஸ்தோப்பில் நின்றது, அதில் வெங்காயம் காயவைத்தோம். இடுப்பு, கால் எலும்பு முறிவுக்கு வீல்செயார் தேவை பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு கிழமை. உங்கள் ஊர் விலைக்கு 38,000ஐ 5,000ஆல் வகுத்தால் ஏழரை மாதம் வருகிறது, ஆகவே அங்கே வாடகைதான். பாரிசவாதம் என்றால் முதல் மூன்று மாதத்தில்தான் கை கால் வேகமாகத் திரும்பும், அதுவரை வாடகையில் வைத்துக்கொண்டு பிசியோ சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கலாம். முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்களுக்கு மட்டும் வாடகை வீல்செயாரே வேண்டாம். அவர்களுடைய உடம்பை அளந்து, சரியான மெத்தையோடு எடுக்க வேண்டும். அளவு பிழைத்த இருக்கையில் உணர்ச்சியில்லாத பிட்டத்தில் புண் வந்தால் ஆற மாதங்கள் ஆகும். அப்படி நிரந்தரமாகத் தேவைப்படுகிறவர்கள் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடும் வைத்திய அறிக்கையோடும் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். வர நாள் எடுக்கும், ஆனால் கிடைக்கும் வழி அது.

எட்டாவது கிழமை கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியையும் ஒட்சிசன் துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். டொக்டரிடம், "நாங்கள் நானுஓயாவுக்கு மேலே 5,000 அடியில் இருக்கிறோம், இது வீட்டில் எடுத்த அளவு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு இரத்தம் எடுக்கட்டும். வரும் எண்ணை எனக்கு எழுதுங்கள். 55க்குக் கீழே என்றால் எந்த அளவு மெசின், எத்தனை வொட் என்று பார்த்துச் சொல்கிறேன், அண்ணாவின் காசுக்கு அப்போது வேலை வரும். 60க்கு மேலே என்றால், வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு கிழமை அளந்து பார்த்த பிறகு மெசினைத் திருப்பிக் கொடுங்கள், முற்பணம் 50,000ஐக் கையில் வாங்கிக்கொண்டு.